பொன்னிக்கு ஒன்றும் தெரியக்கூடாது

"மாமா, இதுல ரெண்டு பேர் பேசல. ஒருத்தர்தான் பேசறார். வரிக்கு வரி குரலை மட்டும் மாத்திக்கிறார்."

அக்கா மகள் ஒரு காதில் மட்டும் இயர்போனை வைத்துக்கொண்டு, ஒன்றரை நிமிடம் கேட்டுவிட்டு, இப்படிச் சொன்னாள். செவிலியர் படிப்பில் இருக்கிறாள். உடலியங்கியல் குறிப்புகளைப் படிக்க நேரம் இல்லை, போகும்போது வரும்போது கேட்க முடிந்தால் நல்லது என்று அவள்தான் கேட்டிருந்தாள். குறிப்பை ஒரே குரல் நேராகப் படித்தால் மூன்றாவது நிமிடத்தில் மனம் எங்கோ போய்விடும், அதனால் இரண்டு பேர் பேசிக்கொள்வது போலச் செய்து தருகிறேன் என்று நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். எழுதியதைப் பேச்சாக்கும் செயற்கைக் குரல்களை வைத்து, இரண்டு மாலைகள் செலவழித்துச் செய்தேன். குரல்கள் அருமையாக இருந்தன. ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று, எங்கேயும் இயந்திர வாடை இல்லை. ஆனாலும் அவள் சொன்னது சரி என்பது அவள் சொன்ன அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் சரி என்பதுதான் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க அதன் பிறகு பல நாள் ஆனது.

செய்முறை எளிதுதான். ஒரு உரைக் கோப்பில் வரிக்கு வரி பேசுகிறவரின் பெயரையும் பேச்சையும் எழுதுகிறோம். ஒரு சின்ன நிரல் ஒவ்வொரு வரியாக எடுத்து, பெயரைப் பார்த்து, அந்தப் பெயருக்கு ஒதுக்கிய குரலுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஆடியோத் துண்டு திரும்பி வருகிறது. கடைசியில் துண்டுகளை வரிசையாக ஒட்டினால் உரையாடல். என் ஆட்களுக்கு மாறன், பொன்னி என்று பெயர் வைத்தேன்.

பெயர் வைத்ததிலேயே முதல் வினை வந்தது. பாதி வரிகளில் பொன்னி ஆண் குரலில் பேசினாள். எழுத்துப் பிழை இருக்குமோ என்று எத்தனை முறை பார்த்தாலும் எல்லா இடத்திலும் "பொன்னி" என்றுதான் இருந்தது. விஷயம் என்னவென்றால், "பொ"வில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக் குறியாக ஒரு வழி, முன்னால் எகரக் கொம்பும் பின்னால் காலும் என்று இரண்டு குறிகளாக இன்னொரு வழி. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, நிரலுக்கோ அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். நான் தட்டச்சு செய்த வரிகள் ஒரு விதம், பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியவை இன்னொரு விதம். பெயர் தெரியாவிட்டால் முதல் குரலைக் கொடு என்று நானே எழுதி வைத்திருந்தேன். அது சத்தமே போடாமல் பொன்னியை மாறனாக்கிக்கொண்டிருந்தது. இப்போது பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் தேடுகிறேன். கிடைக்காவிட்டால் நிரல் அங்கேயே நின்றுபோகட்டும் என்று விட்டுவிட்டேன்:

```python
import unicodedata

VOICE = {"மாறன்": "ta-IN-ValluvarNeural",
         "பொன்னி": "ta-IN-PallaviNeural"}
VOICE = {unicodedata.normalize("NFC", k): v
         for k, v in VOICE.items()}

def parse(line):
    who, gap, text = [p.strip() for p in line.split("|", 2)]
    return VOICE[unicodedata.normalize("NFC", who)], int(gap), text
```

நடுவில் `gap` என்று ஒன்று இருக்கிறதே, அது முதல் பதிப்பில் இல்லை. அது வந்த கதைதான் அடுத்தது.

## முதல் சந்தேகம் மௌனத்தின் மேல்

"ஒருத்தர்தான் பேசறார்" என்றதும், ஒட்டிய விதத்தில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஆடியோவை எடிட்டரில் திறந்து அலைவடிவத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவே நீளமாக ஒரு தட்டையான கோடு. அளந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை நொடி. நான் சேர்த்தது அரை நொடிதான். மீதி எங்கிருந்து வந்தது?

ஒவ்வொரு துண்டும் தன் தலையிலும் வாலிலும் கொஞ்சம் மௌனத்தோடுதான் வருகிறது. என் துண்டுகளில் தலையில் சுமார் பத்தில் ஒரு பங்கு நொடி, வாலில் முக்கால் நொடிக்கு மேல். இதைக் குறை என்று சொல்ல முடியாது. தனியாக ஒரு வாக்கியத்தைக் கேட்கிறவருக்கு முன்னும் பின்னும் அந்த மூச்சுவிடும் இடம் வேண்டும். நாம் நாற்பது துண்டுகளை வரிசையாக அடுக்கும்போதுதான் அது சுவராகிறது. போதாததற்கு, துண்டுகளை எம்பி3 வடிவிலேயே வெட்டி ஒட்டினால், அந்த வடிவமே ஒவ்வொரு கோப்பின் முனையிலும் கொஞ்சம் வெற்றிடத்தைச் சேர்த்துவிடும். இடையில் செய்யும் வேலையெல்லாம் வேவ் வடிவில் இருப்பது நல்லது, கடைசியில் ஒருமுறை மட்டும் எம்பி3 ஆக்கிக்கொள்ளலாம்.

சரி, மனிதர்கள் பேசும்போது இடைவெளி எவ்வளவு? 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்தது. ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளுக்கு, கேள்வி முடிந்து பதில் தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். எல்லா மொழிகளையும் சேர்த்த சராசரி சுமார் 200 மில்லிநொடி. மிக வேகமாகப் பதில் வந்தது ஜப்பானியத்தில், மிக மெதுவாக வந்தது டேனிஷில். அந்த டேனிஷ் சராசரிகூட அரை நொடியைத் தொடவில்லை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு படத்தைப் பார்த்து அதில் இருப்பதன் பெயரைச் சொல்லவே நமக்கு அரை நொடிக்கு மேல் ஆகும். அப்படியானால் 200 மில்லிநொடியில் பதில் சொல்கிறவர், எதிராளி பேசி முடிக்கும் முன்பே தன் பதிலைத் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டார் என்றாகிறது. ஒன்றரை நொடி காத்திருந்து பதில் சொல்கிறவர் கேட்டுக்கொண்டிருந்தவராகத் தோன்றமாட்டார், தன் முறை வரட்டும் என்று வரிசையில் நின்றவராகத்தான் தோன்றுவார்.

மௌனத்தைச் சீவினேன். பைத்தானில் `pydub` நூலகம் இதற்குப் போதும். -50 டெசிபலுக்குக் கீழே இருப்பதை மௌனம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு முனைகளையும் வெட்டச் சொன்னேன். வெட்டியது. கூடவே தமிழையும் கொஞ்சம் வெட்டியது. "எனக்கு", "இருக்கு", "போயிடுது" என்று நம் பேச்சில் பாதிச் சொற்கள் உகரத்தில் முடிகின்றன. குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்தோமே, குறுகி ஒலிக்கும் அந்த உகரம் ஒலியிலும் உண்மையாகவே தேய்ந்துதான் போகிறது. நிரல் அதை மௌனத்தோடு சேர்த்துக் கணக்குப் பண்ணிவிட்டது. "போயிடுத்" என்று கதவில் விரல் நசுங்கியது போல ஒரு முடிவு. வாலில் 60 மில்லிநொடியை விட்டுவைத்ததும் சரியானது:

```python
from pydub import AudioSegment
from pydub.silence import detect_leading_silence as lead

def trim(s):
    return s[lead(s) : len(s) - lead(s.reverse()) + 60]
```

எல்லா இடைவெளியையும் 200 மில்லிநொடி ஆக்கி மறுபடி ஓட்டிக் கேட்டேன். முன்பைவிட மோசமாக இருந்தது. முன்னால் இரண்டு பேர் தயங்கித் தயங்கிப் பாடம் படித்தார்கள். இப்போது அதே இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு ஒப்பித்தார்கள்.

## பெயர்களை அழித்துப் பார்த்தது

அன்று இரவு செய்த ஒரு காரியத்தால்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன். உரைக் கோப்பைத் திறந்து, மாறன், பொன்னி என்ற பெயர்களையெல்லாம் அழித்தேன். யார் எந்த வரியைப் பேசுகிறார் என்று பெயர் இல்லாமல் தெரிகிறதா பார்ப்போம் என்பதுதான் எண்ணம். தெரியவில்லை. அதோடு நிற்கவில்லை. வரிகளை ஒன்றின் பின் ஒன்றாகச் சேர்த்தபோது, நான் எடுத்துக்கொண்ட பழைய குறிப்பு அப்படியே திரும்ப வந்துவிட்டது. ஒன்றிரண்டு தலையாட்டல் சொற்களைத் தவிர ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் பதிப்பின் ஒரு துண்டு இது:

```
மாறன்: சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன.
பொன்னி: ஆம். அதில் சுமார் 99 சதவீதம் மீண்டும் இரத்தத்தில் உறிஞ்சப்படுகிறது.
மாறன்: சரியாகச் சொன்னாய். மீதமுள்ள ஒன்று முதல் இரண்டு லிட்டர் சிறுநீராக வெளியேறுகிறது.
```

"ஆம்", "சரியாகச் சொன்னாய்" என்று இரண்டு இடத்தில் மூக்கும் முழியும் வைத்திருந்தேன், அவ்வளவுதான். இருவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. அப்புறம் எதற்காக ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்கிறார்கள்? கேட்கிற நம்மை ஏமாற்ற மட்டும்தான். அக்கா மகளின் காது பிடித்தது இதைத்தான். குரல் இரண்டாக இருந்தாலும் அறிவு ஒன்றாக இருந்தால் ஆள் ஒருவர்தான். குரல் மாறும் இடத்தில் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பக்கமும் மாறியிருக்க வேண்டும். என் வரிகளில் வாக்கியம் முடிந்த இடத்திலெல்லாம் குரல் மாறியது.

ஆகவே பொன்னியின் மூளையைக் காலி செய்தேன். முழுதாக இல்லை. ஒன்றுமே தெரியாதவளாக்கினால் "அப்படியா", "ஓ", "மேலே சொல்லுங்கள்" என்று தலையாட்டும் பொம்மை ஆகிவிடுவாள். அதுவும் ஒருவர் பேசுவதுதான். பொன்னிக்குச் சிறுநீரகம் பற்றித் தெரியாது. ஆனால் உடம்பில் இரத்தம் எவ்வளவு என்று தெரியும், கூட்டிக் கழிக்கத் தெரியும், கணக்கு உதைத்தால் விடமாட்டாள். இதை முடிவு செய்துவிட்டு அதே குறிப்பை மறுபடி எழுத உட்கார்ந்தபோது, 180 லிட்டர் என்ற எண்ணைத் தாண்டி அடுத்த வரிக்கே போக முடியவில்லை. உடம்பில் மொத்த இரத்தமே ஐந்து லிட்டர்தான். பொன்னி எப்படி அந்த 180-ஐச் சும்மா விடுவாள்? குறிப்பு எடுத்த நானும் ஏன் விட்டேன்?

```
மாறன்  |    0 | சிறுநீரகம் ரெண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு நூற்றெண்பது லிட்டர் வடிகட்டுது.
பொன்னி |  100 | நூற்றெண்பதா? உடம்புல இருக்கிற ரத்தமே அஞ்சு லிட்டர்தானே?
மாறன்  |  450 | அஞ்சுதான். அதே ரத்தம்தான் திரும்பத் திரும்ப சிறுநீரகத்துக்கு வருது.
பொன்னி |  250 | சரி. ஆனா வடிகட்டினது எல்லாம் வெளிய போச்சுன்னா, அரை மணி நேரத்துல நாம வத்திப் போயிடுவோமே.
மாறன்  | -150 | போகமாட்டோம். நூறு பங்கு வடிகட்டினா, தொண்ணூற்றொன்பது பங்கு திரும்ப ரத்தத்துக்கே போயிடுது.
```

பொன்னியின் அரை மணிக் கணக்கு சரியானது. 180 லிட்டரை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் அரை மணிக்கு மூன்றே முக்கால் லிட்டர் வரும். இரத்தத்தில் அணுக்களைக் கழித்தால் மிஞ்சும் பிளாஸ்மாவே சுமார் மூன்று லிட்டர்தான். அந்த வரியை எழுதும்போதுதான், 99 சதவீதம் திரும்ப உறிஞ்சப்படுகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கே உறைத்தது. குறிப்பில் அது இன்னொரு வாக்கியமாகத்தான் கிடந்தது.

இப்போது பெயர்களை அழித்துப் பார்த்தால் யார் பேசுகிறார் என்று தெரிகிறது. இன்னொரு சோதனையும் வைத்துக்கொண்டேன். பொன்னியின் வரிகளை மட்டும் அழித்துவிட்டு மாறனின் வரிகளைப் படிப்பேன். தடங்கல் இல்லாமல் ஓடினால் பொன்னி அங்கே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மேலே உள்ளதில் அப்படிச் செய்தால் "அஞ்சுதான்" என்பது எதற்கு, "போகமாட்டோம்" என்பது யாருக்கு என்று அந்தரத்தில் தொங்கும். தொங்கினால் நல்லது.

## எண்ணால் எழுதும் மௌனம்

ஒவ்வொரு வரியிலும் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கும் எண்தான் அந்த `gap`. முந்தைய பேச்சு முடிந்து எத்தனை மில்லிநொடி கழித்து இந்த வரி தொடங்க வேண்டும் என்று சொல்கிறது. எல்லாவற்றுக்கும் 200 என்று வைத்தபோது ஏன் ஒப்பிப்பது போல இருந்தது என்பது இந்த எண்ணை வரிக்கு வரி எழுத ஆரம்பித்ததும் புரிந்தது. ஆச்சரியம் உடனே வரும், அதனால் 100. "அஞ்சுதான்" என்று சொல்வதற்கு முன் மாறன் கொஞ்சம் சிரித்திருப்பான் போலத் தோன்றியது, அதனால் 450. அந்த இடத்தில் ஒரு சிரிப்பும் இல்லை, வெறும் மௌனம்தான் இருக்கிறது. கேட்கும்போது இருப்பது போலவே இருக்கிறது. அதே 450-ஐ "ஆமா" என்ற பதிலுக்கு முன்னால் வைத்தேன். ஆமா என்பது அரைமனதாகிவிட்டது, மாறன் எதையோ மறைக்கிறான் போல. உடன்படும் பதில் சட்டென்று வரும், மறுக்கிற பதில்தான் தயங்கி வரும் என்பது எல்லாக் காதுக்கும் பழகிய விஷயம். குரல் எவ்வளவு தெளிவாக "ஆமா" சொன்னாலும் காது இடைவெளியைத்தான் நம்புகிறது.

எண் மைனஸில் இருந்தால் குறுக்கே பேசுவது. முந்தைய துண்டு முடிவதற்கு 150 மில்லிநொடி முன்பே அடுத்தது தொடங்கிவிடும். இதற்காக வெறுமனே ஒட்டுவதை விட்டுவிட்டு, ஒன்றின் மேல் ஒன்றை வைக்கும்படி மாற்றினேன்:

```python
def join(base, clip, gap):
    start = max(0, len(base) + gap)
    end = max(len(base), start + len(clip))
    pad = AudioSegment.silent(end - len(base), base.frame_rate)
    return (base + pad).overlay(clip, position=start)
```

குறுக்கே பேசுவது ருசி கண்ட பூனை கதைதான். முதல் நாள் எட்டு இடத்தில் வைத்தேன், சண்டை போல இருந்தது. இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோதான். அதுவும் முந்தையவரின் கடைசிச் சொல் கேட்காமலே ஊகிக்கக்கூடியதாக இருந்தால் மட்டும். "வத்திப் போயிடுவோமே" என்பதில் "மே" காதில் விழாவிட்டாலும் நட்டமில்லை. அதுவே ஒரு எண்ணோ புதுப் பெயரோ என்றால் அதன் மேல் யாரும் ஏறக்கூடாது.

தனியாக நிற்கும் ஒற்றைச் சொல் வரிகளும் தொல்லை. "சரி" என்று மட்டும் ஒரு வரியை அனுப்பினால், இந்தக் குரலுக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன வரப்போகிறது என்று எதுவும் தெரியாது. ஒவ்வொரு வரியும் அதற்கு உலகத்தின் முதல் வரி. அதனால் அந்தச் "சரி"யைக் கூட்டத்தைத் தொடங்கி வைக்கும் தலைவரைப் போலச் சொல்லும். மேலே "சரி. ஆனா வடிகட்டினது எல்லாம்" என்று ஒரே வரியில் சேர்த்ததற்குக் காரணம் இதுதான். பின்னால் ஒரு வாக்கியம் ஒட்டியிருந்தால் "சரி" தானாகவே அடங்கி ஒலிக்கிறது. "ம்" கொட்டுவதை முழுக்கவே கைவிட்டேன். "ம்" என்று எழுதினால் எனக்குக் கிடைத்தது மெய்யெழுத்துப் பாடம்: "இம்".

ஒலி அளவிலும் ஒரு தவறு செய்தேன். பெண் குரல் சற்று உரக்க இருந்தது, ஆண் குரல் தணிந்து இருந்தது. எல்லாத் துண்டுகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் போயிற்று என்று துண்டு துண்டாகச் சமப்படுத்தினேன். விளைவு, பத்து சொல் வாக்கியமும் இரண்டு சொல் முணுமுணுப்பும் ஒரே பலத்தில் வந்தன. ஒருவர் பேச்சுக்குள்ளேயே இருக்கும் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிட்டது. செய்ய வேண்டியது ஆளுக்கு ஒரு திருத்தம். மாறனின் துண்டுகளை எல்லாம் சேர்த்து ஒருமுறை அளந்து, அவனுடைய எல்லா வரிகளுக்கும் ஒரே அளவு கூட்ட வேண்டும், பொன்னிக்கும் அப்படியே. கடைசியில் முழு ஆடியோவுக்கும் ஒரு தடவை:

```
ffmpeg -i talk.wav -af loudnorm=I=-16:TP=-1.5:LRA=11 -ar 44100 talk.mp3
```

குரல்களை இடம் வலமாகப் பிரித்து வைக்கலாம் என்றும் ஒரு ஆசை வந்தது. ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்கிறவளுக்கு அதைச் செய்வது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

## கண்ணுக்கு ஒரு தமிழ், காதுக்கு ஒரு தமிழ்

பழைய பதிப்பையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், "வடிகட்டுகின்றன" என்பது "வடிகட்டுது" ஆகிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். எழுத்துத் தமிழில் இரண்டு பேர் பேசினால் அது உரையாடலாகவே கேட்காது, செய்தி வாசிப்பாகத்தான் கேட்கும். அதற்காக வாயில் வருவதை அப்படியே எழுதினாலும் ஆபத்து. "வடிகட்றது" என்று எழுதினேன். குரல் "ட்ற"வில் இடறி விழுந்தது. செயற்கைக் குரல்கள் பெரும்பாலும் எழுத்துத் தமிழை வாசித்த பதிவுகளிலிருந்து பழகியவை, உயிர் விழுங்கிய சொற்களைக் கண்டால் திகைக்கின்றன. அதனால் பேச்சுத் தமிழின் விகுதிகளை வைத்துக்கொண்டு, உயிர்களை மட்டும் விழுங்காமல் எழுதுவது என்று ஒரு நடுவழி கண்டுபிடித்தேன். "வடிகட்டுறது", "போயிடுது", "இருக்கிற". படிக்கக் கொஞ்சம் அசடாக இருக்கும். கேட்க நன்றாக இருக்கும்.

எண்களை எல்லாம் எழுத்தில் எழுதிவிட்டேன். "180-ஐ" என்று எழுதினால் நமக்கு நூற்றெண்பதை என்று தானாக வாயில் வரும், குரலோ "நூற்றெண்பது" என்று முடித்து, மூச்சுவிட்டு, "ஐ" என்றது. குற்றம் நம் எழுத்துமுறை மேல்தான். எண்ணோடு வேற்றுமை உருபை ஒட்டும்போது புணர்ச்சியைப் படிக்கிறவர் தலையில் கட்டிவிடுகிறோம். கடன்சொற்களிலும் இதே கதை. "டோஸ்" என்பதை எந்த டகரத்தில் தொடங்குவது, "குளுக்கோஸ்" என்பதை எந்தக் ககரத்தில் தொடங்குவது என்று தமிழ் எழுத்து சொல்வதில்லை. அடிக்கடி புழங்கும் சொல்லைக் குரல் சரியாகவே சொல்லிவிடும். அரிதான மருந்துப் பெயர் வந்தால் ஊகிக்கும், பாதி நேரம் தப்பாக. அந்தச் சொல்லை மட்டும் ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. ஆகவே இப்போது என்னிடம் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு கோப்பு இருக்கிறது. ஒன்று அவள் கண்ணால் படிக்க, மற்றது குரலுக்கு. இரண்டாவதை யாரிடமும் காட்டுவதில்லை.

புதிய பதிப்பு ஆறு நிமிடம் வந்தது. பழையது நான்கு. குறிப்பில் இருந்ததைவிட விஷயம் குறைவாகவே இருந்தது. நெஃப்ரானின் பகுதிகள் எல்லாவற்றின் பெயரையும் சொல்ல பொன்னி இடம் கொடுக்கவில்லை. அதைப் படத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும், இதில் அடைக்க முடியாது என்று அக்கா மகளிடம் முன்பே சொல்லிவிட்டுத்தான் அனுப்பினேன்.

மறுநாள் மாலை குரல் செய்தி வந்தது. நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை இல்லை. "மாமா, தொண்ணூற்றொன்பது பங்கு திரும்பப் போயிடுதுன்னு மாறன் சொல்றான்ல, அங்க பொன்னி எப்படி சும்மா இருக்கா? நிறைய தண்ணி குடிச்ச அன்னிக்கு நிறைய போகுது, குடிக்காத அன்னிக்குக் கம்மியா போகுது. அப்ப தொண்ணூற்றொன்பதுன்னு அது எப்படி ஒரே கணக்கா இருக்கும்? அவ அதைக் கேட்டிருப்பா."

குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நீரை எவ்வளவு திரும்ப எடுப்பது என்பதை மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து வரும் ஹார்மோன் ஒன்று தீர்மானிக்கிறது என்று நான்கு பக்கம் தள்ளி, வேறொரு தலைப்பின் கீழ் எழுதியிருந்தேன். கோப்பைத் திறந்து, மாறனின் வரிக்குக் கீழே ஒரு இடம் விட்டு, முதலில் எண்ணைப் போட்டேன். 100 போட்டு அழித்தேன். இது ஆச்சரியம் இல்லை, அவள் யோசித்துவிட்டுக் கேட்பது.

```
பொன்னி |  600 | அப்ப நிறைய தண்ணி குடிச்ச அன்னிக்கும் அதே தொண்ணூற்றொன்பதுதானா?
```